வைப்பாளர் நாளையே கேட்கலாம், கடனாளி இருபது ஆண்டில் தருவார்: இடையில் வங்கி எதன்மேல் நிற்கிறது?

வினாத்தாள் எழுதியது:

நெடுநாளாக மனதில் இருக்கும் ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன். சேமிப்புக் கணக்கில் நான் போட்ட பணத்தை நாளைக் காலையிலேயே முழுவதுமாக எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இருக்கிறது. அதே பணத்தை நம்பித்தான் வங்கி இன்னொருவருக்கு இருபது ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடன் கொடுக்கிறது. நான் பணத்தைக் கேட்கும் நாளில், அந்தக் கடனாளியிடம் போய் மொத்தத்தையும் திருப்பிக் கொடு என்று வங்கியால் கேட்க முடியாது. ஒரே பணத்தைப் பற்றி இரண்டு பேருக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குறுதிகளைக் கொடுத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2023 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி இரண்டே நாளில் விழுந்தது. அந்த வங்கி வாராக்கடனால் விழவில்லை என்றும், அதன் பணத்தில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் அரசு சார்ந்த அமைப்புகளின் உத்தரவாதம் பெற்ற பத்திரங்களிலும் இருந்தது என்றும் படித்தேன். யாருமே ஏமாற்றாத இடத்தில் பணம் எப்படித் தொலைந்தது?

நேர்கோடு எழுதியது:

கேள்வியின் அடிப்படையிலேயே பிழை இருக்கிறது. வங்கி உங்கள் வைப்பை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. ஒருவருக்குக் கடன் ஒப்புதல் ஆனதும் வங்கி அவருடைய கணக்கில் அந்தத் தொகையை வரவு வைக்கிறது. அந்த வரவே ஒரு புதிய வைப்பு. அதாவது கடன்தான் வைப்பை உண்டாக்குகிறது. வைப்பு கடனை உண்டாக்குவதில்லை. அப்படி இருக்கும்போது, குறுகிய கால வைப்பை நீண்ட காலக் கடனாக மாற்றுகிறது என்று சொல்வதே பொருந்தாது. நீங்கள் சொல்லும் முரண் பழைய பாடப்புத்தகங்களில் மட்டுமே இருக்கிறது. வங்கிகள் விழுவது தரமற்ற கடன்களைக் கொடுப்பதால்தான்.

பழைய கருவூலர் எழுதியது:

நான் ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில், சொத்துகளையும் கடப்பாடுகளையும் முதிர்வு நாள்படி ஒப்பிட்டுப் பார்க்கும் மேசையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். நேர்கோடு அவர்கள் சொல்வதில் முதல் பாதி முற்றிலும் சரி. கடன் கொடுக்கும் அந்த நொடியில் வங்கிக்கு யாருடைய வைப்பும் தேவையில்லை. கணக்கில் எழுதினால் போதும். ஆனால் கடன் வாங்கியவர் அந்தப் பணத்தைக் கணக்கில் வைத்து அழகு பார்ப்பதற்காக வாங்கவில்லை. மறுநாளே வீட்டை விற்றவருக்குக் காசோலை கொடுக்கிறார். விற்றவர் கணக்கு வைத்திருப்பது வேறொரு வங்கியில். அன்று மாலை வங்கிகள் தமக்குள் கணக்கு முடிக்கும்போது, மைய வங்கியில் எங்களுக்கு இருக்கும் இருப்பிலிருந்து அந்தத் தொகை உண்மையாகவே வெளியே போகிறது. கடன் எங்கள் ஏட்டில் இருபது ஆண்டு தங்கும். அதனால் பிறந்த வைப்பு ஒரே நாளில் இன்னொரு வங்கிக்குப் போய்விட்டது. அந்த இடைவெளியை நிரப்ப எங்களுக்கு யாராவது ஒரு வைப்பாளர் வேண்டும், அல்லது சந்தையில் கடன் வாங்க வேண்டும். ஆகவே வைப்பு முதலில் வந்ததா, கடன் முதலில் வந்ததா என்பது எப்படி இருந்தாலும், மாலை ஆறு மணிக்கு நான் பார்க்கும் பட்டியலில் முரண் அப்படியேதான் இருக்கும்.

இனி வினாத்தாள் அவர்களின் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பட்டியலை எப்படிப் போடுவோம் என்று சொன்னாலே பாதி விளங்கிவிடும். தாளின் மேற்பகுதியில் இடமிருந்து வலமாகக் காலக் கட்டங்கள் இருக்கும்: நாளை, ஒரு வாரத்துக்குள், ஒரு மாதத்துக்குள், மூன்று மாதம், ஓர் ஆண்டு, மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு, அதற்கு மேல். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் காலத்துக்குள் திரும்பி வர வேண்டிய பணம் ஒரு வரியிலும், வெளியே போக வேண்டிய பணம் இன்னொரு வரியிலும் இருக்கும். வீட்டுக் கடன்களைப் போடுவது எளிது. பெரும்பகுதி கடைசிக் கட்டத்தில் விழும். சேமிப்புக் கணக்கை எங்கே போடுவது? ஒப்பந்தத்தின்படி பார்த்தால் அது முழுவதும் 'நாளை' என்ற முதல் கட்டத்தில்தான் விழ வேண்டும். அப்படிப் போட்டால் உலகத்தில் உள்ள எந்த வங்கியும் நாளைக் காலையில் திவால்.

ஆனால் நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. ஆயிரக்கணக்கான கணக்குகளை எடுத்துக்கொண்டு பல ஆண்டு விவரத்தைப் பார்த்தால், தனித்தனிக் கணக்குகள் ஏறி இறங்கினாலும் மொத்த இருப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதே இல்லை என்பது தெரியும். ஒருவர் சம்பளம் போடும் நாளில் இன்னொருவர் வாடகை கட்டுகிறார். ஒருவர் திருமணச் செலவுக்கு எடுக்கிறார், இன்னொருவர் நிலம் விற்ற பணத்தைப் போடுகிறார். அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை, அவரவர் காரணத்துக்காக எடுக்கிறார்கள். ஆகவே அந்த அடிமட்ட இருப்பை 'நிலையான பகுதி' என்று பிரித்து, மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்ற கட்டங்களில் போடுகிறோம். நாளை எடுக்கக்கூடிய பணம், ஐந்து ஆண்டு இருக்கும் பணமாகத் தாளில் மாறுவது இந்த இடத்தில்தான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த ஐந்து ஆண்டு என்பது வைப்பாளர் கையெழுத்திட்ட எதிலும் இல்லை. அது அவர்களுடைய பழக்கத்தைப் பற்றி நாங்கள் செய்துகொண்ட ஊகம். எல்லோரும் அவரவர் காரணத்துக்காக எடுக்கும் வரை அந்த ஊகம் பலிக்கும். எல்லோருக்கும் ஒரே காரணம் கிடைக்கும் நாளில், பல ஆண்டு விவரத்தால் ஒரு பயனும் இல்லை.

மாலைநிலா எழுதியது:

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீண்ட காலக் கடன் கொடுத்து வங்கி ஆபத்தை ஏற்கிறது என்கிறீர்கள். என் அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. இருபது ஆண்டு வீட்டுக் கடன் வாங்கினேன். வட்டி ஏறும்போதெல்லாம் என் கடனுக்கும் வட்டி ஏறியது. மாதத் தவணையை மாற்றவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். சென்ற ஆண்டு அறிக்கையை எடுத்துப் பார்த்தால், கடன் முடியும் தேதி நான் ஓய்வு பெறும் ஆண்டையும் தாண்டிப் போயிருக்கிறது. கிளையில் கேட்டபோது, விதிப்படிதான் நடந்திருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வைப்பாளருக்கும் ஆபத்து இல்லை, வங்கிக்கும் இல்லை. எல்லாம் கடன் வாங்கியவர் தலையில்தானே விழுகிறது? எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

பழைய கருவூலர் எழுதியது:

மாலைநிலா அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. தேதி தள்ளிப்போனதை உங்களுக்குத் தெளிவாக எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்பது வினாத்தாள் கேட்டதிலிருந்து சற்று வேறானது. இங்கே இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. பணம் எப்போது திரும்பி வரும் என்பது ஒன்று. வட்டி எப்போது மாற்றப்படும் என்பது இன்னொன்று. மாறும் வட்டிக் கடனில் இரண்டாவது இடைவெளியை வங்கி உங்களிடம் தள்ளிவிடுகிறது. முதல் இடைவெளி வங்கியிடமே இருக்கிறது, உங்கள் விஷயத்தில் அது பெரிதாகியும் விட்டது.

கணக்கைப் பாருங்கள். 7 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொள்வோம். கடன் தொடங்கிய சிறிது காலத்திலேயே வட்டி 9 விழுக்காடாக ஏறி, தவணை அப்படியே இருந்தால், கடன் முடிய ஏறக்குறைய 38 ஆண்டுகள் ஆகும். தவணையில் பெரும்பகுதியை வட்டியே தின்றுவிடுவதால் அசல் மெல்லத்தான் கரையும். என் பட்டியலில் இருபது ஆண்டுக்குள் திரும்ப வேண்டிய பணம், இப்போது அதற்கு அப்பால் போய் நிற்கிறது. வட்டி இடைவெளியை மூடப்போய்க் கால இடைவெளியை வங்கியே அகலமாக்கிக்கொள்கிறது. தவணையையும் சேர்த்து ஏற்றியிருந்தால், கட்ட முடியாதவர்கள் தவறியிருப்பார்கள்; அப்போது அது வாராக்கடனாக வங்கியிடமே திரும்பி வரும். ஆகவே ஆபத்து முழுவதும் உங்கள் தலையில் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் அடி உங்களுக்குத்தான் விழுகிறது என்பதை நான் மறுக்கவில்லை.

நேர்கோடு எழுதியது:

கணக்கு முடிக்கும் இருப்பைப் பற்றிக் கருவூலர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். அதை நான் விட்டுவிட்டேன். இருந்தாலும் என் அடிப்படைக் கருத்து நிற்கிறது என்றே நினைக்கிறேன். சொத்து நல்ல சொத்தாக இருந்தால், வைப்பாளர் எல்லோரும் ஒரே நாளில் வந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. மைய வங்கியிடம் அந்தச் சொத்தை ஈடு வைத்துப் பணம் வாங்கிக் கொடுத்துவிடலாம். மைய வங்கி இருப்பதே அதற்காகத்தான். அப்படி வாங்க முடியாத வங்கி என்றால், அதன் சொத்தில்தான் ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும்.

அளவுகோல் எழுதியது:

நேர்கோடு அவர்களுக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கி, 2007 செப்டம்பர். அதன் நிதியில் பொதுமக்களின் வைப்பு நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதி சந்தையிலிருந்து திரட்டியது. ஆகஸ்டு மாதம் அந்தச் சந்தை உறைந்ததும் வங்கி தத்தளித்தது, ஆனால் அதை வெளியில் யாரும் பார்க்கவில்லை. நீங்கள் சொல்வதுபோலவே மைய வங்கி உதவிக்கு வந்தது. அந்த உதவிச் செய்தி வெளியான பிறகுதான் கிளைகளின் வாசலில் வரிசை நின்றது. கடைசிப் புகலிடமான மைய வங்கிக்குப் போன செய்தியே, வைப்பாளர் கூட்டமாக வந்து பணத்தை எடுக்கும் ஓட்டத்தைக் கூட்டியது. ஈடு இருந்தால் போதும் என்பது தாளில் மட்டுமே இவ்வளவு எளிது.

வினாத்தாள் எழுதியது:

கருவூலர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது. அரசுப் பத்திரம் என்பது முழுத்தொகையும் கட்டாயம் திரும்பி வரும் சொத்து. நேர்கோடு சொல்லும் 'நல்ல சொத்து' அதைவிட வேறென்ன இருக்க முடியும்? அதை வைத்திருந்த வங்கி எப்படி விழுந்தது?

பழைய கருவூலர் எழுதியது:

இதற்குச் சற்று நீண்ட விடை வேண்டும். முதலில் ஒரு கற்பனை வங்கியை வைத்துச் சொல்கிறேன், பிறகு உண்மை வங்கிக்கு வருகிறேன்.

ஒரு வங்கியில் பங்குதாரர் போட்ட மூலதனம் 10 கோடி, வைப்பு 90 கோடி. அதில் 15 கோடியை ரொக்கமாக வைத்துக்கொண்டு, 85 கோடிக்குப் பத்து ஆண்டு அரசுப் பத்திரங்களை ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டியில் வாங்கியிருக்கிறது. வைப்பாளருக்குக் கொடுப்பது 1 விழுக்காடு. பத்திரத்தால் ஆண்டுக்கு 2.55 கோடி வருகிறது, வைப்பாளருக்கு 0.9 கோடி போகிறது. வங்கி நன்றாகவே வாழ்கிறது.

இப்போது சந்தை வட்டி 5 விழுக்காடாக ஏறுகிறது. புதிதாக வரும் பத்திரம் 5 தருகிறது என்றால், 3 தரும் பழைய பத்திரத்தை 100 கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். பத்து ஆண்டு மீதமிருக்கும் அந்தப் பத்திரம் ஏறக்குறைய 84.6க்குத்தான் விலைபோகும். வங்கியிடம் இருக்கும் 85 கோடிப் பத்திரத்தின் இன்றைய விலை 71.9 கோடி. ரொக்கத்தையும் சேர்த்தால் 86.9 கோடி. வைப்பாளருக்குத் தர வேண்டியதோ 90 கோடி. அரசு ஒரு காசுகூடத் தவறவில்லை. பத்து ஆண்டு முடிவில் 85 கோடியும் முழுதாக வரும். ஆனால் இன்று எல்லோரும் கேட்டால் வங்கியால் கொடுக்க முடியாது.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைப்பாளர்கள் 1 விழுக்காட்டில் அமைதியாக இருந்தால் இந்த வங்கிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆண்டுதோறும் இலாபம் வரும், பத்திரம் முதிரும், எல்லோருக்கும் பணம் கிடைக்கும். அவர்கள் கிளம்பினால் அதே நாளில், அதே பத்திரங்களோடு, வங்கி திவால். சொத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், வைப்பாளரின் மனநிலையை மட்டும் பொறுத்து ஒரே வங்கி உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்ட வைப்பாளர் என்ன செய்வார்? முதலில் போகிறவருக்கு முழுத்தொகையும் கிடைக்கும். கடைசியில் நிற்பவர்களுக்கு மூன்று கோடிக்கு மேல் குறையும். நான் போகாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் போவார் என்று நினைத்தாலே போதும், போவதுதான் அறிவுடைமை. அது பீதியால் நடக்கும் மடமை அல்ல. டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் இருவரும் 1983இல் கணித வடிவில் காட்டியது இந்த முடிச்சைத்தான். 2022இல் பென் பெர்னான்கியோடு சேர்த்து அவர்களுக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. சொத்து முழு நலத்தோடு இருந்தாலும், அவசரமாக விற்கும்போது விலை குறையும் என்ற ஒன்றே ஓட்டத்துக்குப் போதும் என்பது அவர்கள் வாதம். நான் சொன்ன வங்கியில் அதற்கும் மேலாக, விற்பதற்கு முன்பே ஓட்டை விழுந்திருக்கிறது.

உண்மை வங்கிக்கு வருகிறேன். சிலிக்கான் வேலி வங்கியின் வைப்பு 2019 இறுதியில் சுமார் 6,200 கோடி டாலர். 2021 இறுதியில் சுமார் 18,900 கோடி. இரண்டே ஆண்டில் மும்மடங்கு. அவ்வளவு வேகமாகக் கடன் கொடுக்க ஆள் கிடைக்காததால், வட்டி மிகக் குறைவாக இருந்த அந்தக் காலத்தில் நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மைய வங்கி வட்டியைப் பூச்சியத்துக்கு அருகிலிருந்து ஏற்றத் தொடங்கி, ஓர் ஆண்டுக்குள் நாலரை விழுக்காட்டைத் தாண்டியது. 2022 இறுதியில், 'முதிர்வு வரை வைத்திருப்போம்' என்று வகைப்படுத்திய பத்திரங்கள் மட்டும் சுமார் 9,100 கோடி டாலர். அவற்றின் சந்தை விலை அதைவிட ஏறக்குறைய 1,500 கோடி குறைவு. வங்கியின் மொத்த மூலதனமே சுமார் 1,600 கோடிதான்.

அளவுகோல் எழுதியது:

ஐயா, ஓரிடத்தில் குறுக்கிடுகிறேன். 1,500 கோடி நட்டம் இருந்தும் இருப்புநிலைக் குறிப்பில் மூலதனம் 1,600 கோடி என்று காட்ட முடிந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். கணக்குப் பதிவு விதிப்படி, முதிர்வு வரை வைத்திருக்கும் எண்ணமும் திறனும் இருந்தால் அந்தப் பத்திரத்தை வாங்கிய விலையிலேயே காட்டலாம். நட்டம் அடிக்குறிப்பில் மட்டும் இருக்கும். நான் தணிக்கைத் துறையில் இருப்பவன். எண்ணத்தைப் பற்றி நிர்வாகம் எழுத்தில் கொடுத்துவிடும். திறனை நாங்கள் எதை வைத்துச் சரிபார்ப்பது? மறுபடியும் வைப்பாளர் எவ்வளவு காலம் இருப்பார் என்ற அதே ஊகத்தை வைத்துத்தான்.

பழைய கருவூலர் எழுதியது:

மிகச் சரியான இடத்தைத் தொட்டீர்கள். முதிர்வு வரை வைத்திருக்கும் முடிவு வங்கியினுடையது என்று விதி நினைக்கிறது. உண்மையில் அந்த முடிவு வைப்பாளர் கையில் இருக்கிறது.

அந்த ஊகம் எப்படி வளைக்கப்படும் என்பதற்கும் இதே வங்கி சான்று. வங்கி விழுந்த பிறகு அமெரிக்க மைய வங்கி வெளியிட்ட ஆய்வறிக்கையில் ஒரு செய்தி வருகிறது. 2022 ஏப்ரலில், வட்டி ஏற்றத்தால் வரும் ஆபத்து வங்கியின் சொந்த வரம்பை மீறிக்கொண்டிருந்தபோது, பத்திரங்களைக் குறைப்பதற்குப் பதிலாக வைப்புகள் எவ்வளவு காலம் தங்கும் என்ற ஊகத்தை நீட்டினார்கள். தாளில் வரம்பு மீறல் குறைந்தது. வைப்பாளர் எவரும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பட்டியலில் ஒரு தொகை ஒரு கட்டத்திலிருந்து வலப்பக்கக் கட்டத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. அந்த நகர்த்தலுக்கு எவ்வளவு சிறிய முயற்சி போதும் என்று எனக்குத் தெரியும்.

அவர்களுடைய வைப்பாளர்களும் நான் முதலில் சொன்ன ஆயிரம் குடும்பங்கள் அல்ல. பெரும்பாலும் புதிய தொழில்நுட்ப நிறுவனங்களும், அவற்றுக்குப் பணம் போடும் முதலீட்டு நிதிகளும். ஒரே துறை, ஒரே ஆலோசகர்கள், ஒருவரோடொருவர் நாள் முழுவதும் பேசிக்கொள்கிறவர்கள். வைப்பில் சுமார் 94 விழுக்காடு, 2.5 லட்சம் டாலர் என்ற காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. எல்லோருக்கும் ஒரே காரணம் கிடைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கூட்டம் அமையாது. வட்டி ஏறியதும் புதிய முதலீடு வறண்டு, அந்த நிறுவனங்கள் கணக்கிலிருந்த பணத்தைச் செலவழிக்கத் தொடங்கின. ஆக, பத்திரத்தின் விலையைக் குறைத்த அதே வட்டியே வைப்பையும் கரைத்தது.

2023 மார்ச் 8 புதன்கிழமை, 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்று 180 கோடி நட்டம் அடைந்ததாகவும், அதை ஈடுகட்ட 225 கோடி புது மூலதனம் திரட்டப் போவதாகவும் வங்கி அறிவித்தது. அடிக்குறிப்பில் இருந்த நட்டம் எல்லோர் கண்ணுக்கும் வந்தது. வியாழக்கிழமை ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. வெள்ளிக்கிழமைக்கு மேலும் 10,000 கோடி வெளியேறும் என்று தெரிந்தது. ஆண்டு இறுதியில் மொத்த வைப்பே சுமார் 17,300 கோடிதான். வெள்ளிக்கிழமை பகலுக்குள் வங்கி மூடப்பட்டது.

நேர்கோடு அவர்களின் ஈட்டு வாதத்துக்கும் இங்கே விடை இருக்கிறது. மைய வங்கி கொடுக்கத் தயங்கவில்லை. ஆனால் ஈட்டை முன்கூட்டியே அங்கே ஒப்படைத்து வைத்திருக்க வேண்டும். இவர்கள் ஒப்படைத்திருந்தது குறைவு. வேறிடத்தில் இருந்த பத்திரங்களை ஓர் இரவுக்குள் மாற்ற முயன்றார்கள், முடியவில்லை. அப்படியே மாற்றியிருந்தாலும், சந்தை விலைக்கு ஏற்பத்தான் கடன் கிடைக்கும். என் கற்பனை வங்கிக்கு 71.9 கோடிக்குள்தான் கிடைக்கும், ஓட்டை அடைபடாது. அந்த வார இறுதியில் அமெரிக்க அரசு எல்லா வைப்புகளுக்கும் பாதுகாப்பு அறிவித்ததோடு, பத்திரத்தை அதன் முகமதிப்பிலேயே ஏற்று ஓர் ஆண்டு வரை கடன் தரும் புதிய ஏற்பாட்டையும் பிற வங்கிகளுக்காகத் தொடங்கியது. வழக்கமான வழி போதாது என்பதற்கு அதுவே சான்று.

நேர்கோடு எழுதியது:

சொத்தின் தரம் வேறு, சொத்தின் காலம் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதிவிட்டேன். சிலிக்கான் வேலி விஷயத்தில் என் முடிவைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் வட்டி ஏறுவதற்கு எதிரான பாதுகாப்பு ஒப்பந்தங்களை அவர்கள் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. ஆகவே இது முரணின் தவறு இல்லை, நிர்வாகத்தின் தவறு என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

பழைய கருவூலர் எழுதியது:

பாதுகாப்பு ஒப்பந்தங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதியை 2022இல் நீக்கிவிட்டார்கள். நிர்வாகத் தவறு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் வட்டி இடைவெளியை மட்டுமே மூடும். பத்து ஆண்டுப் பணத்தை நாளைக்கே தர வேண்டும் என்ற இடைவெளியை அது மூடாது. நார்தர்ன் ராக் விழுந்தது வட்டியால் அல்ல.

உப்பங்கழி எழுதியது:

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. நடப்புக் கணக்கிலும் சேமிப்புக் கணக்கிலும் உள்ள பணத்தை முழுவதுமாக மைய வங்கியிலேயே வைத்துவிட்டு, இருபது ஆண்டுக் கடனுக்கு இருபது ஆண்டு பொறுக்கச் சம்மதிப்பவர்களிடம் மட்டும் பணம் வாங்கினால் என்ன? வங்கி விழவே விழாதே!

பழைய கருவூலர் எழுதியது:

விழாது. ஆனால் உங்கள் சேமிப்பில் எவ்வளவு பகுதியை இருபது ஆண்டு தொடாமல் வைக்கச் சம்மதிப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி மிகச் சிறியதாக இருக்கும். அதற்கு நீங்கள் கேட்கும் வட்டியும் அதிகமாக இருக்கும். அதன் மேல் கடன் கொடுத்தால், மாலைநிலா அம்மா கட்டும் தவணை இன்னும் ஏறும், பலருக்குக் கடனே கிடைக்காது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அப்படிச் செய்தால் கால மாற்றம் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. வங்கி என்ற பெயர் இல்லாத வேறு நிறுவனங்கள் அதே வேலையைச் செய்யத் தொடங்கும். 2008இல் அமெரிக்காவில் வங்கி அல்லாத பணச்சந்தை நிதிகளிலிருந்தும் மக்கள் ஓடினார்கள்.

அளவுகோல் எழுதியது:

இடைப்பட்ட வழியாகத்தான் வங்கிகளுக்கான பன்னாட்டு விதிகளான பாசல் விதிகள் வந்தன. முப்பது நாள் நெருக்கடியைத் தாங்கும் அளவுக்கு உடனே பணமாகும் சொத்து இருக்க வேண்டும் என்பது ஒன்று. நிலையான நிதி ஓர் ஆண்டு கண்ணோட்டத்தில் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் விதியில், காப்பீடு பெற்ற நிலையான சிறு வைப்புகளில் 5 விழுக்காடோ அதற்கும் குறைவோ முப்பது நாளில் வெளியேறும் என்றும், காப்பீடு இல்லாத, அன்றாடச் செயல்பாட்டோடு பிணைக்கப்படாத நிறுவன வைப்புகளில் 40 விழுக்காடு வெளியேறும் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். சிலிக்கான் வேலி வங்கிக்கு அந்த விதி முழுமையாகப் பொருந்தவில்லை. பொருந்தியிருந்தாலும், வியாழக்கிழமை ஒரே நாளில் நான்கில் ஒரு பங்கு போனது. வெள்ளியையும் சேர்த்தால் ஐந்தில் நான்கு பங்கு. முப்பது நாள் என்ற அளவே கைப்பேசி இல்லாத காலத்து அளவோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

என்னைக் கேட்டால் வைப்புக் காப்பீட்டு வரம்பை உயர்த்துவதுதான் வழி. ஓட வேண்டிய காரணமே இல்லை என்றால் யார் ஓடுவார்கள்?

பழைய கருவூலர் எழுதியது:

இந்த இடத்தில் உங்களோடு முழுமையாக உடன்பட எனக்கு மனம் வரவில்லை. காப்பீடு ஓட்டத்தைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் என் கற்பனை வங்கியின் வைப்பு முழுவதும் காப்பீடு பெற்றிருந்தால் என்ன ஆகும்? யாரும் ஓட மாட்டார்கள், 3.1 கோடி ஓட்டையோடு வங்கி பல ஆண்டு நடக்கும். அந்தக் காலத்தில் நிர்வாகம் இன்னும் பெரிய பந்தயம் கட்டி மீள நினைக்கலாம். போட்டி காரணமாக வைப்பு வட்டியை 1இலிருந்து 4 விழுக்காடாக உயர்த்த நேர்ந்தால், 2.55 கோடி வருமானத்தில் 3.6 கோடி கொடுக்க வேண்டும். ஓட்டம் இல்லாமலேயே மூலதனம் ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேல் கரையும். கடைசியில் காப்பீட்டு நிதி கட்டும் தொகை முதல் நாளில் கட்டியிருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருக்கும்.

அளவுகோல் எழுதியது:

அதற்குத்தான் மேற்பார்வையாளர் இருக்கிறார் ஐயா. வைப்பாளரை ஓட விட்டு வங்கியை ஒழுங்குபடுத்துவது, தீ வைத்து வீட்டைச் சோதிப்பது போன்றது. சம்பளக் கணக்கு வைத்திருக்கும் சிறு நிறுவனம் தன் வங்கியின் அடிக்குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய கருவூலர் எழுதியது:

மேற்பார்வையாளருக்குப் போவதும் நாங்கள் போட்ட அதே பட்டியல்தான். இதில் நாம் இருவரும் இன்று ஒரு முடிவுக்கு வர மாட்டோம் என்று நினைக்கிறேன்.

வினாத்தாள் எழுதியது:

எனக்குக் கடைசியாக ஒரே ஒரு கேள்வி. என் வங்கியின் ஆண்டறிக்கை கையில் இருக்கிறது. இவ்வளவையும் வைத்து, அதில் நான் எந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும்?

பழைய கருவூலர் எழுதியது:

முதலில் பத்திரங்களைப் பற்றிய குறிப்புக்குப் போங்கள். முதிர்வு வரை வைத்திருக்கும் பத்திரங்களின் புத்தக மதிப்பும் சந்தை மதிப்பும் அருகருகே இருக்கும். வேறுபாட்டை மொத்த மூலதனத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு சொத்து, கடப்பாடுகளின் முதிர்வுப் பட்டியலுக்குப் போங்கள். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு பகுதியை ஓர் ஆண்டுக்கு அப்பால் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சென்ற ஆண்டு அறிக்கையில் அதே கட்டத்தில் எவ்வளவு இருந்தது என்றும் பாருங்கள். வைப்பின் தன்மை மாறாமல் அந்தத் தொகை மட்டும் வலப்பக்கம் நகர்ந்திருந்தால், ஏன் என்று கேட்டு எழுதுங்கள். மூன்றாவதாக, முதல் இருபது பெரிய வைப்பாளர்களின் பங்கு எவ்வளவு என்பதைச் சில நாடுகளில் வெளியிடுகிறார்கள். அது இருந்தால் பாருங்கள்.

வினாத்தாள் எழுதியது:

பத்திரக் குறிப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். வேறுபாடு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முதிர்வுப் பட்டியலில் சென்ற ஆண்டைவிட 'மூன்று முதல் ஐந்து ஆண்டு' கட்டம் நன்றாகவே பெருத்திருக்கிறது. ஆனால் மொத்த வைப்பும் வளர்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டு விழுக்காட்டையும் கணக்கிட்டு நாளை இங்கே பதிகிறேன்.

மாலைநிலா எழுதியது:

நானும் என் கடன் கணக்கில் தவணையை உயர்த்தக் கேட்டு இன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடியும் தேதியையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.